அரை மூடிப் பெட்டியும் அப்பு யானையும்

எங்கள் பள்ளி தென்காசிப் பக்கம் ஒரு சிறிய கிராமத்தில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் 14 பேர், எல்லோருக்கும் ஆறு வயது ஆகிவிட்டது அல்லது ஆகப்போகிறது. சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும்: பெட்டிக்குள் பூனை, பெட்டி மேல் பூனை, பெட்டிக்கு அடியில் பூனை. நான் குச்சியால் தொட்டால் பிள்ளைகள் ஓங்கிய குரலில் “இன்! ஆன்! அண்டர்!” என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். வரிசையை மாற்றித் தொட்டாலும் அதே ராகம், அதே வரிசை. சொல்லுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று புரிந்தது. சரி, படத்தை விட்டுவிட்டு நிஜப் பெட்டியையும் பொம்மையையும் எடுப்போம் என்று ஜூலையில் ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடியது. அதில் முதல் வாரம் பூராவும் நான் ஏமாந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

பெட்டி, வீட்டில் கிடந்த செருப்புப் பெட்டி. பொம்மை, திருவிழாக் கடையில் வாங்கிய ரப்பர் யானை, நிறுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும். முதலில் பந்தை எடுத்தேன். அது மூடி மேல் நிற்காமல் உருண்டு ஓடியது, பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். ஆகவே நிற்கிற பொம்மைதான் வேண்டும். இன்னொன்று, அதற்கு முன்பக்கம், பின்பக்கம் இருக்க வேண்டும். அதன் அருமை பிற்பாடு தெரிந்தது. பிள்ளைகளே அதற்கு அப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வகையில் நல்லதாயிற்று, ‘தி எலிஃபண்ட்’ என்று நீட்டாமல் ‘புட் அப்பு இன் தி பாக்ஸ்’ என்று முடித்துவிடலாம். கேட்கிற காது அந்த ஒரு சின்னச் சொல்லில் நிற்கும்.

முறை புதிதல்ல. கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகாட்டுவது, பேசச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பது. 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்கிற அமெரிக்க உளவியலாளர் இதை ஒரு முறையாக வகுத்தார். குழந்தை தாய்மொழியில் வாய் திறப்பதற்கு முன்பே ‘இங்க வா’, ‘அதை எடு’ என்பதற்கெல்லாம் நடந்துகொள்கிறது அல்லவா, அதே வழி. முதல் நாள் நானே சொல்லி நானே செய்தேன். பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு செய்தேன். அப்புறம் நான் சொல்ல, பிள்ளைகள் தனித்தனியாகச் செய்தார்கள்.

பெட்டியை வாய் மேலாக வைத்து ‘இன்’ என்றேன். 14 பேரும் சரி. பெட்டியைக் கவிழ்த்து ‘ஆன்’ என்றேன். 14 பேரும் சரி. ‘அண்டர்’ சொல்வதற்குத் தரையில் உட்கார்ந்த பெட்டியில் வழியில்லை என்பதால் நாற்காலியைக் கொண்டுவந்தேன். யானை நாற்காலிக்கு அடியில் போனது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

புதன்கிழமை பெட்டி கவிழ்ந்தே கிடந்தது, நான் கவனிக்கவில்லை. சிவப்பு ரிப்பன் கட்டிய பாப்பாவைக் கூப்பிட்டு “புட் அப்பு இன் தி பாக்ஸ்” என்றேன். அவள் ஒரு கணமும் யோசிக்காமல் யானையைப் பெட்டியின் முதுகில் நிறுத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அடுத்தவனைக் கூப்பிட்டேன், அவனும் அப்படியே. வரிசையாக எல்லோரையும் பார்த்தேன். 10 பேர் மேலேயே வைத்தார்கள். ஒரே ஒரு பையன் பெட்டியைப் புரட்டி உள்ளே போட்டான். பெட்டியை நிமிர்த்தி வைத்து ‘ஆன்’ என்றால், அப்பு தொம்மென்று உள்ளே விழுகிறது.

அதாவது இரண்டு நாளும் பதில் சொன்னது பெட்டிதான், பிள்ளைகள் இல்லை. வாய் திறந்த பெட்டியைக் கண்டால் உள்ளே போடு, தட்டையாகத் தெரிந்தால் மேலே வை, அவ்வளவுதான் அவர்கள் பின்பற்றிய விதி. குழந்தை மொழியை ஆராய்ந்த ஈவ் கிளார்க் இதே மூன்று ஆங்கிலச் சொற்களை வைத்து 1973இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தார். ஆங்கிலம் பேசும் வீட்டுச் சிறு குழந்தைகள்கூட, சொல்லின் பொருள் தெரிவதற்கு முன்னால், பொருளின் வடிவத்தைப் பார்த்தே இப்படி வைக்கிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. அந்தக் குழந்தைகள் எங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள். ஆனால் புது மொழி என்று வந்துவிட்டால் ஆறு வயதும் அங்கேதான் போய் நிற்கிறது. இதைப் பயிற்சிக் காலத்தில் படித்திருந்தும் பெட்டி முன்னால் மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெட்டியில் கை வைத்தேன். நோக்கம் ஒன்றுதான். ஒரே பெட்டியில், அதைத் திருப்பாமல் கவிழ்க்காமல், எல்லா இடத்திலும் யானையை வைக்க வழி இருக்க வேண்டும். அப்போதுதான் வடிவம் பதில் சொல்லாது, சொல்தான் சொல்லும்.

மூடியைக் குறுக்கே பாதியாக வெட்டி, அந்தப் பாதியைப் பெட்டியின் ஒரு பக்க வாயில் பழுப்பு டேப்பால் ஒட்டினேன். இப்போது ஒரு பாதி திறந்திருக்கிறது, ஒரு பாதி மூடியிருக்கிறது. உள்ளேயும் போடலாம், மேலேயும் நிறுத்தலாம், இரண்டுக்கும் ஒரே சிரமம்தான். பெட்டிக்கு அடியில் இடம் வேண்டுமே, அதற்குக் கால் கட்டினேன். டீக்கடை பேப்பர் கப் நான்கைக் கவிழ்த்து மூலைக்கு ஒன்றாகப் பெவிகாலில் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டேன். கப்பின் உயரத்துக்கு யானை நிமிர்ந்தபடியே உள்ளே நுழைந்தது.

மறுநாள் பத்து நிமிஷத்தில் ஒரு கால் நசுங்கியது. எவனோ பெட்டி மேல் முழங்கையை ஊன்றிவிட்டான். ஒற்றைக் கப் தாங்காது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூன்று கப் செருகி, விளிம்பைச் சுற்றி டேப் போட்டு மறுபடி ஒட்டினேன். அது மூன்று வாரமும் நின்றது. கால் இல்லாமல் ‘அண்டர்’ சொல்லித்தர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியைத் தூக்கி யானை மேல் கவிழ்த்தால் அது ‘அண்டர்’ என்று நமக்குத் தோன்றும். பிள்ளை அதை ‘உள்ளே’ என்று பார்க்கும், அதுவும் சரிதான். ஒரே வைப்புக்கு இரண்டு சொல் பொருந்தினால் விளையாட்டு அங்கேயே கெட்டது.

புதுப் பெட்டியை வைத்ததும் உண்மை நிலவரம் வெளியே வந்தது. ‘இன்’ ஓரளவு தெரியும், ‘ஆன்’ தள்ளாடுகிறது, ‘அண்டர்’ விநோதமாக இருந்தது. ‘அண்டர்’ என்றதும் பாதிப் பேர் யானையைத் தரையில், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். ஏன்லே அங்க வச்ச என்றால், “கீழதான வச்சிருக்கேன் டீச்சர்” என்கிறான். தப்பு என்னுடையது. முதல் நாள் ‘அண்டர்னா கீழ’ என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியிருந்தேன். நம் ‘கீழே’ தரையையும் குறிக்கும், அடியையும் குறிக்கும். “பென்சில் கீழ கிடக்கு” என்றால் மேசைக்கு அடியில் என்று அர்த்தமில்லை. மறுபடி ஒரே ஒரு முறை தமிழில் திருத்தினேன்: “அண்டர்னா அடியில.” அதற்கு மேல் தமிழ் விளக்கம் தரவில்லை. நாற்காலி மேல் பெட்டியை ஏற்றிவைத்து ‘அண்டர் தி பாக்ஸ்’ என்றேன். தரைக்குப் போன கை தவறு என்று இப்போது எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. அதன் பின் ‘ஆன் தி ஃப்ளோர்’ என்றேன். ஒரு பையன் நெற்றியைச் சுருக்கினான்.

“ஆன்னா மேலன்னு சொன்னீங்க, தர கீழதான இருக்கு?”

தரை மேல நிக்கோமா, தரைக்கு அடியில நிக்கோமா என்று திருப்பிக் கேட்டேன். குனிந்து தன் காலைப் பார்த்தான். சிரித்துவிட்டுப் போய் யானையைத் தரையில் வைத்தான். ‘இன்’, ‘ஆன்’ குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் பெட்டியில் துணி என்கிறோம், மேசையில் புத்தகம் என்கிறோம். ஒரே ‘இல்’ இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் பிரிய வேண்டிய இடம் அது.

இதெல்லாம் சரியாகி வரும்போது இன்னொரு சந்தேகம். ஜன்னலோரப் பையன் கட்டளையைக் கேட்டபின் பெட்டியைப் பார்ப்பதே இல்லை, என் முகத்தைப் பார்க்கிறான். வேண்டுமென்றே மூடியைப் பார்த்துக்கொண்டு ‘அண்டர்’ என்றேன். மூடி மேல் வைத்தான்! சொல்லும்போதே என் கண் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது, அதை அவன் படித்துவிடுகிறான். வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னேன். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கையாகி, கட்டளை காதில் விழவில்லை. கடைசியில் நான் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொல்வது, ஒரு பிள்ளை நடுவராக நின்று ‘யெஸ்’ அல்லது ‘நோ’ சொல்வது என்று வைத்துக்கொண்டேன். நடுவருக்கும் சொல் தெரிந்தாக வேண்டும் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சோதித்த மாதிரி ஆயிற்று.

கட்டளைகளை மனம் போனபடி சொல்லாமல் ஒரு தாளில் 12 எழுதி வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் நாமே அறியாமல் இன், ஆன், அண்டர் என்று பழைய ராகத்துக்குப் போய்விடுகிறோம். தாளில் ஒரு பொறியும் வைத்தேன். அப்பு ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கும்போதே “புட் அப்பு இன் தி பாக்ஸ்” என்பது. சொல் தெரியாத பிள்ளை, கட்டளை வந்துவிட்டதே என்று யானையை எடுத்து வேறெங்காவது வைக்கும். தெரிந்த பிள்ளை நகராது. ரிப்பன் பாப்பா இடுப்பில் கை வைத்து, “உள்ளதான டீச்சர் இருக்கு!” என்று என்னைக் கடிந்தாள். நான் வைத்துப் பார்த்த சோதனைகளில் நம்பகமானது இதுதான்.

இரண்டாம் வாரம் பெரிய பெட்டி. மளிகைக் கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கி வந்தேன், ஒரு பிள்ளை உட்காரும் அளவு. யானைக்குப் பதில் பிள்ளையே யானை. ‘கெட் இன் தி பாக்ஸ்’, ‘ஸ்டாண்ட் பிஹைண்ட் தி பாக்ஸ்’. ‘ஆன் தி பாக்ஸ்’ மட்டும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன், அட்டை தாங்காது. ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஒருவன் ஏறி நின்று, பெட்டியோடு அமுங்கிப்போனான். அடி இல்லை, வகுப்பே பத்து நிமிஷம் சிரித்தது. அதற்குப் பின் ‘ஆன்’ சொல்வதற்கு வராந்தாத் திண்ணை.

‘நெக்ஸ்ட் டு’ சுலபமாக வந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் ‘நெக்ஸ்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்து வரிசையில் நின்றான். ஊசி போடுகிற இடத்தில் கேட்ட ‘நெக்ஸ்ட்’ அவனுக்கு ஞாபகம்.

கஷ்டம் ‘பிஹைண்ட்’டிலும் ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’பிலும் வந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் பெட்டி. ‘பிஹைண்ட் தி பாக்ஸ்’ என்றதும் எனக்கு எதிரே இருந்தவள் தனக்கு மறைவாக, அதாவது என் காலடியில் வைத்தாள். நான் நோ என்றேன், அவள் முகம் வாடிவிட்டது. அவள் இடத்திலிருந்து பார்த்தால் அவள்தான் சரி. செருப்புப் பெட்டிக்கு ஏது முன்னும் பின்னும்? பார்ப்பவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது அது. நாற்காலிக்கும் பஸ்ஸுக்கும் யானைக்கும் அந்தப் பிரச்சினை இல்லை, அவற்றுக்குச் சொந்தமாகவே முகம் உண்டு. அன்றே பெட்டியின் நீளப் பக்கம் ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மீசையும் போட்டேன். இனி பெட்டிக்கு முன்பக்கம் உண்டு, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ‘பிஹைண்ட்’ ஒன்றே.

முகம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கும்வரை எல்லோரும் சரியாக வைத்தார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியதும் பாதிப் பேர் பழையபடி, தமக்கு மறைவான பக்கத்தைத்தான் ‘பிஹைண்ட்’ என்றார்கள். இங்கே ஒரு காரியம் செய்தேன், இதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வேன். அதே வைப்பைத் தமிழில் கேட்டேன்: “அப்புவை மீசைக்காரப் பெட்டிக்குப் பின்னால வை.” தடுமாறியவர்களில் நான்கு பேர் தமிழிலும் அதே இடத்தில்தான் வைத்தார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் இல்லை. திரும்பி நிற்கும் ஒன்றின் பக்கமிருந்து யோசிப்பது இன்னும் கைவரவில்லை, அது நாளாக நாளாக வரும். ‘பிஹைண்ட், பிஹைண்ட்’ என்று நூறு தடவை சொல்லவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களுக்கு முகம் நம்மைப் பார்க்கிறபடி மட்டும் வைத்து விளையாடிவிட்டு விட்டுவிட்டேன்.

‘பிட்வீன்’ஐ ஒரு பெட்டியோடு தொடங்கியது என் அடுத்த முட்டாள்தனம். பெட்டியையும் நாற்காலியையும் காட்டிச் சொல்லாமல், பழக்கத்தில் ‘நடுவுல’ என்று கையால் சைகை செய்தேன். யானையை மூடியின் நட்டநடுவில், அளந்த மாதிரி நிறுத்தினார்கள். நம் ‘நடுவில்’ ஒரே பொருளின் மையத்துக்கும் செல்லும், இரண்டுக்கு இடைப்பட்டதற்கும் செல்லும். இரண்டாவது பெட்டி வந்த பிறகுதான் தெளிந்தது. அதைவிட வேகமாகத் தெளிவித்தது பிள்ளைகளின் உடம்பு. இரண்டு பேரை நிறுத்தி, மூன்றாமவனை ‘ஸ்டாண்ட் பிட்வீன்’ என்று இடையில் புகவிட்டு, இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். நெருக்கப்பட்டவன் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை.

பேச்சு மூன்றாம் வாரம்தான் வந்தது, நானும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை வெளியே போகும், மற்றவர்கள் அப்புவை ஒளித்துவைப்பார்கள், உள்ளே வந்தவர் ஊகித்துக் கேட்க வேண்டும்: “அப்பு இன் தி பாக்ஸ்?” நாங்கள் “நோ!” முழுக் கேள்வி வாக்கியத்துக்கு நான் ஆசைப்படவில்லை, அந்தத் துண்டு போதும். ஆனால் துண்டு இப்படித்தான் வந்தது: “பாக்ஸ் அண்டர்?” பெட்டிக்கு அடியில் என்று சொல்கிற வாயில் வேறெப்படி வரும்? பெட்டி முதலில், இடம் பிறகு. திருத்தாமல், “யெஸ், அண்டர் தி பாக்ஸ்” என்று மட்டும் திருப்பிச் சொன்னேன். அதில் சிலர்தான் மாறினார்கள். பிறகு தரையில் சாக்கட்டியால் மூன்று கட்டம் போட்டேன், பாண்டி ஆடுகிற மாதிரி. முதல் கட்டத்தில் குதித்து ‘அண்டர்’, இரண்டாவதில் ‘தி’, மூன்றாவதில் பெட்டியைத் தொட்டு ‘பாக்ஸ்’. பெட்டி கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, முதலிலேயே அதைத் தொட வழியில்லை. நான்கு நாள் குதித்தார்கள். ‘பாக்ஸ் அண்டர்’ அநேகமாக நின்றுவிட்டது. அவசரத்தில் இன்னும் வரும்.

மூன்றாம் வார வெள்ளிக்கிழமை, முதுகு காட்டி உட்கார்ந்து, அந்த 12 கட்டளைத் தாளில் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தேன், மற்றவர்களை வராந்தாவில் உட்காரவைத்து. ‘இன்’, ‘ஆன்’, ‘அண்டர்’ மூன்றிலும் 14 பேரில் 12 பேர் தவறவில்லை. மீதி இருவரும் அடிக்கடி வராதவர்கள். ‘பிட்வீன்’ 9 பேர். முகம் திரும்பிய பெட்டியில் ‘பிஹைண்ட்’ 6 பேர்தான். சுவர்ப் படத்தில் கேட்டாலும் இப்போது வரிசை மாற்றிச் சொல்கிறார்கள். ஆனால் ‘தி கிளாக் இஸ் ஆன் தி வால்’ என்றதும் எல்லோரும் கடிகாரத்தின் தலைக்கு மேலே, சுவர் முடிகிற இடத்தைப் பார்த்தார்கள். ‘ஆன்’ என்றால் மேலே என்று பெட்டி சொல்லிக்கொடுத்துவிட்டது. தொட்டுக்கொண்டிருப்பது என்கிற பொருள் அதில் வரவே இல்லை. அதற்குப் பெட்டியின் பக்கச் சுவரில் யானையை ஒட்டவைக்க வேண்டும். அப்புவின் வயிற்றில் ஒட்ட ஒரு சின்னக் காந்தமும், ஒரு பழைய தகர டப்பாவும் தேடிக்கொண்டிருக்கிறேன்.